கடனோடு கட்டிக் கொடுத்த பாலிசிகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

"நன்னிலம் பக்கம் கிராமம். வீடு கட்ட பேங்க்கில் 12 லட்சம் கடன் வாங்கினேன், 15 வருஷம், 9 சதவீதம். 'லோனுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்' என்று சொல்லி நிறைய இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது பார்த்தால் இரண்டு பாலிசி இருக்கிறது. ஒன்று 60,000 ரூபாய், அதைக் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். இன்னொன்று வருஷா வருஷம் 48,000 கட்டணுமாம். இரண்டும் மெயிலில் வந்து மூணு வாரம் ஆகுது. திருப்பிக் கொடுக்க முடியுமா? இனிமேல் ஏஜென்ட், புரோக்கர், வெப்சைட் மூலமா வாங்கினா இப்படி ஏமாறாம இருக்கலாமா?"

வருஷம் 48,000 கேட்கும் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க முடியும், ஆனால் நாள் குறைவாக இருக்கிறது. பாலிசி ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் வரை, 'எனக்கு இது வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃப்ரீ லுக் காலம் என்று சொல்வார்கள். முன்பு இது பொதுவாக 15 நாளாக இருந்தது, 2024இல் வந்த விதிகளில் 30 ஆனது. மெயிலில் வந்தாலும் வந்ததாகத்தான் கணக்கு. மூன்று வாரம் போய்விட்டது என்றால் உங்களுக்கு மிச்சம் ஒன்பது நாள். மற்றதை எல்லாம் அப்புறம் படியுங்கள், கடிதத்தை முதலில் அனுப்புங்கள்.

கடிதம் பேங்க்குக்கு அல்ல, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் நாளை இழக்கிறார்கள். பேங்க்கில் போய்ச் சொன்னால் 'மேனேஜர் லீவ், திங்கட்கிழமை வாங்க' என்பார்கள், அதற்குள் 30 நாள் முடிந்துவிடும். பாலிசியின் முதல் பக்கங்களில் நிறுவனத்தின் மெயில் முகவரி இருக்கும், குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரியும் இருக்கும். பாலிசி எண், ஆவணம் கிடைத்த தேதி, ஃப்ரீ லுக் உரிமைப்படி ரத்து செய்யக் கோருகிறேன் என்ற ஒரு வரி, ஏன் வேண்டாம் என்பதற்கு இரண்டு வரி, பணம் திரும்ப வர வேண்டிய கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம், இவ்வளவு போதும். மெயிலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை அந்த நிறுவனத்தின் பக்கத்துக் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தில் இத்தனை நாள் காப்பில் இருந்ததற்கான சிறு தொகை, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

நான் 27 வருஷம் வங்கியில் இருந்தேன், அதில் கடைசி 11 வருஷம் கும்பகோணம், பாபநாசம் வட்டாரக் கிளைகளில் கடன் பிரிவு. இந்தப் பாலிசிகளை வாடிக்கையாளர் முன் நீட்டிய மேசைக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஓய்வில், இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் இரண்டு பாலிசியையும் ஒன்றாகப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் விற்பதே வாங்குகிறவர் அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இருக்கத்தான்.

முதலில் 60,000. இது கடன் பாதுகாப்புக் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை நிறுவனம் அடைக்கும். பெரும்பாலும் குழுக் காப்பீடாக இருக்கும், பாலிசி பேங்க் பேரில், உங்கள் கையில் இருப்பது அதன் சான்றிதழ் மட்டும். பொருள் கெட்டதல்ல, ஆனால் விலையைப் பாருங்கள். அந்த 60,000த்தை நீங்கள் கையிலிருந்து கட்டவில்லை, கடனில் ஏற்றிவிட்டார்கள். 12 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 15 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 12,170 ரூபாய். 12,60,000 என்றால் சுமார் 12,780. மாதம் 610 ரூபாய்தானே என்று தோன்றும். 180 மாதத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 1,09,500 ரூபாய். 60,000 ரூபாய்ச் சரக்கு உங்களுக்கு விழும் உண்மையான விலை அதுதான். விற்கும்போது இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை, நானும் காட்டியதில்லை.

அந்தச் சான்றிதழில் மூன்று விஷயம் பாருங்கள். காப்பு எத்தனை வருஷம்? யாருடைய உயிருக்கு? தொகை வருஷத்துக்கு வருஷம் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா? முதல் கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் கிளைக்கு வந்தார். கணவர் கடன் வாங்கி ஆறாவது வருஷம் திடீரென்று இறந்துவிட்டார். 'லோனுக்குத்தான் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமே சார்' என்று மஞ்சள் பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். கடன் 15 வருஷத்துக்கு, காப்பு 5 வருஷத்துக்குத்தான். முழுக் காலத்துக்குப் போட்டால் பிரீமியம் அதிகமாகி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால், சின்னத் தொகையாகத் தெரியட்டும் என்று ஐந்தாண்டாகப் போட்டிருந்தார்கள். சான்றிதழில் தேதி தெளிவாக அச்சாகியிருந்தது, அதனால் நிறுவனத்தையும் எதுவும் கேட்க முடியவில்லை. அந்த அம்மா நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் கடனை அடைத்தார். உங்கள் சான்றிதழில் காப்பு முடியும் தேதியையும் கடன் முடியும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்த முதல் பாலிசியை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். காப்பு 15 வருஷத்துக்கும் இருந்து, உங்களுக்கு வேறு ஆயுள் காப்பீடே இல்லை என்றால், இதுதான் இப்போது குடும்பத்துக்கு இருக்கும் ஒரே தாங்கல். இதைவிடக் குறைந்த செலவில் நீங்களே ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் வெறும் காப்பீடு, எடுக்க முடியலாம். ஆனால் அதற்கு உடல்நிலை விவரம் கேட்பார்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விலை ஏறும், சில நேரம் மறுப்பதும் உண்டு. புதியது உங்கள் பேரில் வந்து சேர்ந்த பிறகு பழையதை விடுவதே பாதுகாப்பு. ஒன்பது நாளுக்குள் அது முடியுமா என்பது உங்கள் வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது, இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. குழுச் சான்றிதழில் ஃப்ரீ லுக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். ரத்தானால் பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது, கடன் கணக்கில் வரவாகும். அப்போது தவணையைக் குறைத்துப் புது அட்டவணை தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பழைய தவணையே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, வருஷம் 48,000. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இது உங்கள் கடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சேமிப்புப் பாலிசி. எப்படித் தெரியும் என்றால், காப்புத் தொகையைப் பாருங்கள். இந்த வகையில் அது வழக்கமாக ஆண்டுப் பிரீமியத்தின் 10 மடங்கு இருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால் 4,80,000. கடன் 12 லட்சம். கடனில் பாதியைக்கூட மூடாத பாலிசியை 'லோன் இன்ஷூரன்ஸ்' என்று சொன்னது பொய். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பாஸ்புக்கிலேயே ஒரு வரி இருக்கலாம், மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பு. அதைப் பார்த்து ஏமாற்று என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். காப்பு வேண்டும் என்றால் விலை எந்த அளவில் இருக்கும் என்று காட்டவே சொல்கிறேன்.

சேமிப்புப் பாலிசி நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களை எங்கே அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிரீமியம் தேதி எந்த மாதத்தில் விழுகிறது? கடன் கையெழுத்தான மாதத்திலேயே விழும். அது புரட்டாசி, ஐப்பசி என்றால் சம்பா நடவும் உரமும் கையை இழுக்கிற நேரம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கணக்கில் பணம் ஏறுவது தை, மாசியில். ஆண்டுப் பிரீமியத்துக்குச் சலுகை நாள் 30தான். இரண்டாம் வருஷத் தவணை அதற்குள் போகாமல் பாலிசி காலாவதியாவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். 2024 அக்டோபர் 1 முதல் அமலான விதியில், ஒரு முழு வருஷப் பிரீமியம் கட்டியிருந்தாலே முதல் வருஷம் முடிந்தபின் சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை இடையிலேயே விட்டுவிட்டுப் பணம் கேட்டால், ஏதோ ஒரு தொகை திரும்ப வரும். அதற்கு முந்தைய பாலிசிகளில் முதல் வருஷத்தோடு நின்றவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வராது. இப்போதும் வருவது கட்டியதில் ஒரு பகுதிதான். 'அஞ்சு வருஷம் கட்டினா போதும்' என்று சொல்லியிருந்தால், பாலிசியில் 'பிரீமியம் செலுத்தும் காலம்' என்ற வரியைப் பாருங்கள். 10, 12 என்று இருந்தால் அதுவே உங்கள் மனுவுக்கு முதல் ஆதாரம்.

30 நாள் தாண்டிவிட்டால் வழி அடைந்துவிடாது, ஆனால் உறுதி குறையும். அப்போது உரிமை என்று கேட்க முடியாது, தவறாக விற்றார்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வருமானம், தொழில், படிப்பு என்ற கட்டங்களை யார் எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கு வருஷ வருமானம் 8 லட்சம் என்று போட்டிருந்த படிவத்தை நானே பார்த்திருக்கிறேன், அவ்வளவு பிரீமியம் கட்ட வசதி உண்டு என்று காட்டினால்தான் நிறுவனம் ஏற்கும் என்பதால். எந்த வருஷம் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் பலன் விளக்கப் பட்டியலில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா, பாலிசியில் பதிந்த செல் எண்ணும் மெயிலும் உங்களுடையதுதானா என்றும் சரிபாருங்கள். நிறுவனத்திலிருந்து உறுதிப்படுத்தும் அழைப்பு வந்திருந்தால் அதன் பதிவைக் கேளுங்கள். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'போன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க' என்று சொல்லிக் கொடுத்து, நீங்களும் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அந்தப் பதிவு உங்களுக்கு எதிராக நிற்கும். அப்படியும் ஜெயித்தவர்கள் உண்டு, படிவத்தில் பொய்யான வருமானம் இருந்தவர்கள். தோற்றவர்களும் உண்டு.

நிறுவனம் மறுத்தால், அல்லது 30 நாள் பதில் இல்லாவிட்டால், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கத் தேவையில்லை, cioins.co.in என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதற்கு முன் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதிந்தால், அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வையில் நிறுவனத்துக்குப் போகும், பதிவெண்ணும் கிடைக்கும். பேங்க் மீது உள்ள குறை வேறு. ஆயுள் காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை இல்லை, உங்கள் ஒப்புதல் இல்லாமல் கடன் கணக்கில் பற்று வைக்கவும் கூடாது. அதற்குக் கிளைக்கு எழுத்தில் மனு கொடுத்து, 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளம். கடன் அனுமதிக் கடிதத்தில் தொகை 12,00,000 என்று இருக்கிறதா, 12,60,000 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 12,60,000 என்று இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் 'தெரியாமல் ஏற்றினார்கள்' என்று எழுதாதீர்கள், 'கட்டாயம் என்று தவறாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்' என்று எழுதுங்கள். மனு பொய்யாகிவிடக் கூடாது.

இனி எங்கே வாங்குவது என்ற கேள்வி. பேங்க்கை விட்டு ஏஜென்ட்டிடம் போனாலே ஏமாற மாட்டோம் என்று இல்லை, ஒவ்வொருவரும் யாருக்காக வேலை செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம். ஏஜென்ட் ஆயுள் காப்பீட்டில் ஒரே நிறுவனத்தின் ஆள், அந்த ஒன்றைத்தான் காட்டுவார். ஆனால் ஊரில் இருப்பவர், நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் இறப்புச் சான்றிதழோடு கூடவே அலைவார். அந்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேங்க்கும் சட்டப்படி ஏஜென்ட்தான், பல நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம், உங்கள் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்த ஏஜென்ட். நெல் பணம் ஏறிய வாரத்தில் ஏன் கிளையிலிருந்து போன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விற்ற அதிகாரி இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், அப்புறம் கேட்க ஆள் இருக்காது. புரோக்கர் சட்டப்படி வாங்குபவரின் பிரதிநிதி, பல நிறுவனங்களை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர். நம் கிராமங்களில் நேரில் பார்ப்பது அரிது, ஆனால் ஒப்பிட்டுக் காட்டும் பெரிய இணையதளங்களில் சில புரோக்கர் உரிமத்தில்தான் நடக்கின்றன, தளத்தின் அடியில் உரிம எண் இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் கமிஷன் தருவது நிறுவனம்தான் என்பதை மறக்க வேண்டாம். 'முதல் பிரீமியத்தில் பாதியை நானே தர்றேன்' என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, அதை மீறுகிறவர் மற்றதையும் மீறுவார்.

உங்களைப் போல் டேர்ம் பாலிசி மட்டும் தேவைப்படுபவர் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்கலாம் என்பது என் கருத்து, பலர் அங்கே விலையும் குறைத்துத் தருகிறார்கள். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பணம் கட்டும் பக்கத்துக்கு முன் விபத்து, தீவிர நோய் என்று கூடுதல் காப்புகள் ஏற்கனவே டிக் அடித்து வைக்கப்பட்டிருக்கலாம், ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு விலை என்ன என்று பாருங்கள். உடல்நலக் கேள்விகளை நீங்களே, உண்மையாக நிரப்புங்கள். பக்கத்து நெட் சென்டர் பையன் 'எல்லாம் இல்லைன்னு போட்டுக்கலாம்' என்று தட்டிவிட்டால், மூன்று வருஷத்துக்குள் ஏதாவது நடந்தால் நிறுவனம் அதைக் காரணம் காட்டி மறுக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் மறுத்துவிடுகிற வேகத்தில் வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடமானச் சொத்துக்குத் தீ, புயல், வெள்ளத்துக்கு எதிரான காப்பீடு வேண்டும் என்று பேங்க் கேட்பது நியாயமான நிபந்தனை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதுதான் நியாயமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது நம் பக்கம் எத்தனை கூரை போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொது வடிவப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் இருக்கிறது, ஆயுள் பாலிசியோடு ஒப்பிட்டால் பிரீமியம் மிகச் சிறியது. அந்த 60,000த்துக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது என்று பேங்க்கில் சொன்னால் நம்பாதீர்கள், தனிப் பாலிசி எண்ணைக் கேளுங்கள். எண் தர முடியவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு இன்னும் காப்பீடு போடவில்லை என்றே வைத்துக்கொண்டு நீங்களே எடுத்துவிடுங்கள்.